மிளகுக்குக் காபித்தூள் விலை விழுவது ஏன்?

*அண்ணா, வணக்கம். லீ பஜார் கடையில் பில் போடும் எக்செல் கோப்பை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பில் தாளின் B நெடுவரிசையில் பொருளின் எண்ணைத் தட்டினால் விலைப்பட்டியலிலிருந்து விலை தானாக வந்து விழும். இரண்டு ஆண்டுகளாக ஒரு குறையும் இல்லை. சென்ற மாதம் ஏற்காட்டுக் கடைக்காரர் ஒருவர், "மிளகுக்குக் கிலோ 560 என்று போட்டிருக்கிறீர்களே" என்று அவராகவே வந்து சொன்னார். அது காபித்தூளின் விலை. தேடிப் பார்த்தால் துவரம் பருப்புக்கு உளுந்தின் விலை விழுந்திருக்கிறது. ஏழு பொருட்களை மட்டும் தனித் தாளில் போட்டுப் பார்த்தேன். அங்கும் அந்த இரண்டு மட்டுமே தவறு, மற்ற ஐந்தும் சரி. பிழைச் செய்தி எதுவும் இல்லை. நான்தான் எண்ணைத் தவறாகத் தட்டுகிறேன் என்கிறார் முதலாளி. தாளையும் பார்முலாவையும் கீழே வைத்திருக்கிறேன்.*

```
Rate தாள்
வரி   A (எண்)   B (பொருள்)        C (விலை)
2      305       துவரம் பருப்பு     150
3      112       ஜவ்வரிசி           62
4      418       மிளகு              720
5      220       வெல்லம்            58
6      260       உளுந்து            128
7      350       சீரகம்             310
8      401       காபித்தூள்         560

=VLOOKUP(B2,Rate!$A$2:$C$8,3)
```

*— லீ பஜார் கிளைக் கணக்கர்*

தம்பிக்கு,

முதலில் முதலாளியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். நீங்கள் எண்ணைச் சரியாகத்தான் தட்டியிருக்கிறீர்கள். ஏழு பொருட்களைத் தனியாக எடுத்துப் போட்டுப் பார்த்தது நல்ல வேலை. நானூறு வரிப் பட்டியலை அனுப்பியிருந்தால் எனக்கும் அரை நாள் போயிருக்கும். பட்டியலின் எல்லைக்கு டாலர் குறியும் போட்டிருக்கிறீர்கள். பார்முலாவைக் கீழே இழுக்கும்போது எல்லையும் சேர்ந்து நகர்ந்துவிட்டதோ என்ற வழக்கமான சந்தேகத்துக்கு அதனால் இடமில்லை.

குற்றம் பார்முலாவில் இருப்பதில் இல்லை, இல்லாததில் இருக்கிறது. VLOOKUP நான்கு செய்திகளைக் கேட்கும்: எதைத் தேடுவது, எங்கே தேடுவது, எத்தனையாவது நெடுவரிசையிலிருந்து எடுத்துத் தருவது, எப்படித் தேடுவது. நீங்கள் மூன்றோடு நிறுத்திவிட்டீர்கள். நான்காவதைச் சொல்லாமல் விட்டால் எக்செல் அதை TRUE என்று எடுத்துக்கொள்ளும். TRUE என்றால் 'இதே எண்ணைக் கண்டுபிடி' என்று பொருள் இல்லை. 'இதே எண் இருந்தால் அது, இல்லாவிட்டால் இதைவிடச் சிறியவற்றில் மிகப் பெரியது' என்று பொருள். இப்படித் தோராயமாகத் தேடுவதற்கு எக்செல் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. முதல் நெடுவரிசை சிறியதிலிருந்து பெரியதாக, ஏறுவரிசையில், அடுக்கப்பட்டிருக்க வேண்டும். அடுக்கப்பட்டிருக்கிறதா என்று அது சரிபார்ப்பதில்லை. அடுக்கியிருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடும்.

அந்த நம்பிக்கை தேடும் முறையிலேயே கலந்திருக்கிறது. அகராதியில் ஒரு சொல்லைத் தேடும்போது யாரும் முதல் பக்கத்திலிருந்து புரட்டுவதில்லை. நடுவில் திறந்து, தேடும் சொல் முன்னால் வருமா பின்னால் வருமா என்று பார்த்து, வேண்டாத பாதியை விட்டுவிடுவோம். எக்செலும் அதைத்தான் செய்கிறது. பட்டியலின் நடு வரியைப் பார்க்கும். அங்கிருக்கும் எண் தேடும் எண்ணைவிடப் பெரியதென்றால் கீழ்ப்பாதியை மறந்துவிடும். சிறியதென்றால் மேல்பாதியை மறந்துவிடும். மீதிப் பாதியில் மறுபடியும் நடு வரி. ஆயிரம் வரி இருந்தாலும் பத்துப் பார்வைக்குள் வேலை முடிந்துவிடும். இதற்கு இருசமத் தேடல் என்று பெயர். மறந்த பாதியை அது திரும்பிப் பார்ப்பதே இல்லை என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மிளகு தொலைந்தது அங்கேதான்.

உங்கள் தாளிலேயே நடந்து பார்ப்போம். மிளகின் எண் 418. வரிகள் 2 முதல் 8 வரை, நடு வரி 5. அங்கே வெல்லம், 220. 418ஐவிட அது சிறியது. ஆகவே தேடும் எண் கீழேதான் இருக்க வேண்டும் என்று எக்செல் முடிவு செய்து, 2, 3, 4 ஆகிய வரிகளை ஒதுக்கிவிடுகிறது. மிளகு உட்கார்ந்திருப்பதோ 4ஆம் வரியில். முதல் பார்வையிலேயே மிளகு கதை முடிந்தது. அடுத்து 6 முதல் 8 வரை, நடு வரி 7. சீரகம், 350, இன்னும் சிறியது. மிச்சம் 8ஆம் வரி மட்டும். காபித்தூள், 401, அதுவும் 418க்குக் குறைவுதான். அதற்குக் கீழே வரி இல்லை. '418ஐவிடச் சிறியவற்றில் மிகப் பெரியது இதுதான்' என்று 401ஐப் பிடித்துக்கொண்டு, அந்த வரியில் இருக்கும் 560ஐக் கொண்டுவந்து கொடுக்கிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். எக்செலின் கணக்குப்படி பிழையே நடக்கவில்லை. நீங்கள் கேட்டது தோராயமான பதில், அது தந்ததும் தோராயமான பதில்.

துவரம் பருப்பின் எண் 305. மறுபடியும் 5ஆம் வரியில் தொடங்கும். 220 சிறியது, மேல்பாதி போயிற்று. துவரம் பருப்பு இருக்கும் 2ஆம் வரியும் அதோடு போயிற்று. 7ஆம் வரியில் 350, இப்போது பெரியது, ஆகவே மேலே திரும்பி 6ஆம் வரி. உளுந்து, 260. அதைவிட நெருங்கிய எண் கண்ணில் படாததால் 128 ரூபாய். மிளகைவிட இது மோசமான தவறு என்பேன். மிளகு 560க்குப் போனால் விலை தெரிந்தவர் யாராவது புருவத்தை உயர்த்துவார். மிளகுக்கொடி நட்டு வளர்க்கும் ஊரிலிருந்து வந்தவரிடம் விலையை மறைக்க முடியுமா? ஆனால் பருப்பு 150க்குப் பதிலாக 128க்குப் போனால், பருப்பு விலை இறங்கியிருக்கிறது போல என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். ஐம்பது கிலோ மூட்டைக்கு 1,100 ரூபாய், சத்தமில்லாமல் கையைவிட்டுப் போகும்.

இனி ஜவ்வரிசி. அதுவும் மேலே, ஒழுங்கு கலைந்த பகுதியில்தான் இருக்கிறது. எண் 112. அதற்கு மட்டும் எப்படிச் சரியான விலை வந்தது? 5ஆம் வரியில் 220, பெரியது, ஆகவே மேல்பாதி. அங்கே 2 முதல் 4 வரை, நடு வரி 3. ஜவ்வரிசி நேராக அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது பார்வை எந்த இடத்தில் விழுமோ அந்த இடத்தில் தற்செயலாக அதை வைத்திருக்கிறீர்கள். நம்ப முடியாவிட்டால் ஜவ்வரிசியையும் மிளகையும் இடம் மாற்றிப் பாருங்கள். 3ஆம் வரியில் மிளகு, 4ஆம் வரியில் ஜவ்வரிசி. இப்போது 112ஐத் தேடினால் 5ஆம் வரியில் 220 பெரியது, 3ஆம் வரியில் 418 பெரியது, 2ஆம் வரியில் 305 பெரியது. அதற்கு மேல் போக இடமில்லை, #N/A என்று வந்துவிடும். விலையும் எண்ணும் அப்படியே இருக்க, இடத்தை மட்டும் மாற்றினால் சரியான பதில் பிழையாக மாறுகிறது. பார்முலாவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தக் குற்றம் அகப்படாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். குற்றம் பட்டியலும் பார்முலாவும் சேரும் இடத்தில் இருக்கிறது.

இரண்டு ஆண்டு ஏன் ஒழுங்காக ஓடியது என்பதும் உங்கள் தாளிலேயே எழுதியிருக்கிறது. 5ஆம் வரியிலிருந்து கீழே பாருங்கள்: 220, 260, 350, 401. பிசகில்லாத ஏறுவரிசை. மேலே இருக்கும் மூன்று மட்டும் கலைந்திருக்கின்றன. துவரம் பருப்பு, ஜவ்வரிசி, மிளகு மூன்றும் நம் கடையில் அதிகம் ஓடும் சரக்கு. விலையைத் தினமும் திருத்த வசதியாக இருக்கட்டும் என்று யாரோ அவற்றை வெட்டி எடுத்துப் பட்டியலின் தலையில் ஒட்டியிருக்கிறார்கள். ஜவ்வரிசி விலை மாறும் வேகத்துக்கு அப்படிச் செய்தவரைக் குறை சொல்ல மாட்டேன். அதுவரை பட்டியல் எண் வரிசையில் இருந்திருக்கும். அதனால் நான்காவது செய்தி இல்லாத பார்முலாவும் ஒழுங்காக வேலை செய்திருக்கும். எந்த நாளில் அந்த மாற்றம் நடந்தது என்று கடையில் விசாரியுங்கள். அந்தத் தேதி பின்னால் தேவைப்படும்.

அப்படியானால் பட்டியலை மறுபடி எண் வரிசையில் அடுக்கிவிட்டால் போதாதா என்று உங்களுக்குத் தோன்றும். இன்றைக்குப் போதும். 112, 220, 260, 305, 350, 401, 418 என்று அடுக்கினால் ஏழுக்கும் சரியான விலை வரும், செய்து பார்க்கலாம். ஆனால் அதை மருந்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பேன். முதல் காரணம், நாளைக்கே புதுச் சரக்கு ஒன்று வரும். 131 என்று எண் கொடுத்துப் பட்டியலின் அடியில் சேர்ப்பீர்கள், எல்லையையும் ஒரு வரி நீட்டுவீர்கள். அடுக்க மறந்துபோகும். நடு வரியில் இருக்கும் எண் எதுவானாலும் 131ஐவிடப் பெரியது, ஆகவே எக்செல் மேலே போய்விடும், அடிவரிக்கு வரவே வராது. புதுச் சரக்குக்கு ஜவ்வரிசி விலை விழும்.

இரண்டாவது காரணம் இன்னும் கனமானது. பட்டியலை அடுக்கிவைத்தாலும், அதில் இல்லாத எண்ணுக்கும் இந்தப் பார்முலா விலை சொல்லும். உளுந்துக்கு 260 தட்டுவதற்குப் பதில் கை தவறி 265 என்று தட்டுங்கள். உளுந்து விலையே வரும், தப்பித்தோம். 306 என்று வேறு பொருளை நினைத்துத் தட்டுங்கள். துவரம் பருப்பு விலை வரும். 999 தட்டினால் பட்டியலின் கடைசிப் பொருளின் விலை வரும். 'அப்படி ஒரு பொருள் நம்மிடம் இல்லை' என்று அந்தப் பார்முலா வாய் திறந்து சொல்வது, தேடும் எண் பட்டியலின் மிகச் சிறிய எண்ணைவிடச் சிறியதாக இருக்கும்போது மட்டும்தான். விலை போடும் இடத்தில் அப்படிப்பட்ட பார்முலாவை வைத்திருக்கக் கூடாது.

ஆகவே நான்காவது இடத்தில் FALSE என்று எழுதுங்கள்.

```
=VLOOKUP(B2,Rate!$A$2:$C$8,3,FALSE)
```

இப்போது எக்செல் அதே எண் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் விலை, இல்லாவிட்டால் #N/A. பட்டியல் எந்த ஒழுங்கில் இருந்தாலும் கவலையில்லை. அதிகம் ஓடும் சரக்கைத் தாராளமாக மேலே வைத்துக்கொள்ளலாம். FALSE என்பதற்குப் பதில் 0 என்றும் எழுதலாம். 3க்குப் பிறகு ஒரு காற்புள்ளியை மட்டும் போட்டு அடைப்பை மூடினால்கூட எக்செல் அதை 0 என்றே எடுத்துக்கொள்ளும். அதாவது காற்புள்ளி இல்லாவிட்டால் தோராயத் தேடல், இருந்தால் துல்லியத் தேடல். இப்படி ஒரு விஷமத்தை யார் யோசித்து வைத்தார்களோ! நீங்கள் FALSE என்று முழுதாகவே எழுதுங்கள், உங்களுக்குப் பின் வருபவர் படித்தவுடன் புரிந்துகொள்ளட்டும்.

FALSE போட்டால் கோப்பு மெதுவாகிவிடும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். இருசமத் தேடல் வேகமானது என்பது உண்மை. லட்சம் வரிகளில் லட்சம் முறை தேடும்போது அந்த வேறுபாடு கைக்குத் தெரியலாம். நானூறு பொருள் இருக்கும் கடைக்கு அந்தக் கவலை வேண்டாம்.

கடையில் இருக்கும் கணினியில் எக்செல் 2021 அல்லது மைக்ரோசாப்ட் 365 இருந்தால் XLOOKUP பயன்படுத்தலாம். அது ஒன்றும் சொல்லாமல் விட்டாலே துல்லியமாகத்தான் தேடும். இத்தனை காலம் கழித்தாவது அந்த வழக்கத்தை மாற்றினார்களே என்று எனக்கு மகிழ்ச்சி. பழைய பதிப்பில் அதை எழுதினால் #NAME? என்று வரும். நம் கிளைகளில் பழைய பதிப்புகளும் இருப்பதால், கோப்பு கைமாறும் என்றால் VLOOKUP போதும்.

FALSE போட்டவுடன் முழுப் பட்டியலில் பல இடங்களில் #N/A முளைக்கும். பதற வேண்டாம், அவை புதிய பிழைகள் இல்லை. இதுவரை ஏதோ ஒரு விலையைப் போர்த்திக்கொண்டு உறங்கிய பழைய பிழைகள். ஒவ்வொன்றாகப் பாருங்கள். சில எண்கள் உண்மையிலேயே பட்டியலில் இருக்காது. சில இருப்பது போலத் தெரியும், ஆனால் எக்செலுக்கு அவை எண்களே அல்ல. வேறு மென்பொருளிலிருந்து ஒட்டிய 418, எண்ணாக இல்லாமல் எழுத்தாக வந்து உட்கார்ந்திருக்கும். அடையாளம் எளிது: செல்லின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், பெரும்பாலும் மூலையில் சிறு பச்சை முக்கோணம் தெரியும். எழுத்தான 418க்கும் எண்ணான 418க்கும் எக்செல் கணக்கில் உறவில்லை. அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து Data பட்டியில் Text to Columns திறந்து, வேறொன்றும் மாற்றாமல் Finish அழுத்தினால் எண்ணாகிவிடும்.

#N/A கண்ணை உறுத்துகிறது என்று IFERROR போட்டு 0 என்று மாற்றச் சொல்பவர்கள் வருவார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். விலை 0 என்று விழுந்தால் பில் மொத்தம் பிழை காட்டாமல் வந்துவிடும், சரக்கு இலவசமாகப் போய்விடும். #N/A இருந்தால் மொத்தத்திலும் #N/A வரும். பில் போடுவது அங்கேயே நிற்கும். நிற்கத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். துல்லியத் தேடல் மேலிருந்து பார்க்கும்போது முதலில் வரும் வரியையே எடுக்கும். விலை ஏறும்போது பழைய வரியைத் திருத்தாமல் அடியில் அதே எண்ணில் புது வரி சேர்க்கும் பழக்கம் கடையில் யாருக்காவது இருந்தால், பழைய விலைதான் பில்லில் வரும். பட்டியலுக்குப் பக்கத்தில் இதைப் போட்டு அடிவரை இழுங்கள். ஒன்றுக்கு மேல் காட்டும் எண் எதுவாக இருந்தாலும் பழைய விலை இருக்கும் வரியை நீக்கிவிடுங்கள்.

```
=COUNTIF($A$2:$A$8,A2)
```

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு தடை. FALSE நல்லது என்று கேட்டவுடன் கோப்பு முழுவதும் ஒரே மூச்சில் எல்லா VLOOKUPக்கும் FALSE போட்டுவிடாதீர்கள். மொத்தக் கொள்முதல் தள்ளுபடிக்கு நம் கோப்புகளில் இன்னொரு சிறு அட்டவணை இருக்கிறது. அதன் அமைப்பு இப்படி இருக்கும், சதவீதங்கள் எடுத்துக்காட்டுக்கு.

```
Slab தாள்
கிலோ    தள்ளுபடி
0        0%
50       1%
100      2%
500      3%
```

இங்கே 120 கிலோ வாங்குபவருக்கு 2% தர வேண்டும். 120 என்ற எண் அட்டவணையில் இல்லை. அதைவிடச் சிறியவற்றில் மிகப் பெரியது 100. TRUE என்பது இந்த வேலைக்காகவே பிறந்தது. இங்கே FALSE போட்டால், சரியாக 50, 100, 500 கிலோ வாங்குபவரைத் தவிர அத்தனை பேருக்கும் #N/A வரும். இங்கே TRUE என்று நான்காவது இடத்தில் வெளிப்படையாக எழுதிவைத்து, அட்டவணை ஏறுவரிசையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய தள்ளுபடி முதலில் தெரியட்டும் என்று யாராவது 500, 100, 50, 0 என்று தலைகீழாக அடுக்கினால், 120 கிலோவுக்குத் தேடல் ஒவ்வொரு பார்வையிலும் 'சிறியது, இன்னும் கீழே' என்று சறுக்கிக்கொண்டே போய் 0 கிலோ வரியில் நிற்கும். வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி 0%. நேரில் வந்து கேட்பார்.

எங்கே எது என்று குழம்பினால் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: அட்டவணையில் இல்லாத எண் வந்தால் அதற்கு அர்த்தமுள்ள பதில் இருக்கிறதா? 120 கிலோவுக்கு இருக்கிறது. 306ஆம் எண் பொருளுக்கு இல்லை.

கடைசியாக, போன பில்கள். எந்தெந்தப் பொருளுக்குத் தவறான வரி பிடிபட்டது என்பதைக் கண்டுபிடிக்க, பழைய பார்முலாவையே உளவாளியாக்கலாம். விலைக்குப் பதிலாக எண்ணையே திருப்பித் தரச் சொல்லுங்கள். அதாவது மூன்றாவது நெடுவரிசை இருந்த இடத்தில் முதல் நெடுவரிசை. நான்காவது செய்தியை வேண்டுமென்றே விட்டுவிடுங்கள்.

```
=VLOOKUP(B2,Rate!$A$2:$C$8,1)=B2
```

தேடிய எண்ணும் பிடித்த எண்ணும் ஒன்றாக இருந்தால் TRUE. மிளகுக்குப் போட்டுப் பாருங்கள்: 418ஐத் தேடி 401ஐப் பிடித்ததால் FALSE வரும். புது விலையையும் பழைய பில் விலையையும் கழித்துப் பார்ப்பதைவிட இது மேல். கழித்துப் பார்த்தால், இடையில் உண்மையாகவே ஏறி இறங்கிய விலைகளும் தவறுகளோடு கலந்து தெரியும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தச் சோதனை இன்றைய பட்டியலின் ஒழுங்கில் நடக்கிறது. அன்றைக்குப் பில் போட்டபோது பட்டியல் வேறு ஒழுங்கில் இருந்திருந்தால் வேறு பொருட்கள் அடிபட்டிருக்கும். ஆகவேதான் வெட்டி ஒட்டிய தேதியைக் கேட்டேன். அந்தத் தேதியிலிருந்து தினசரி எடுத்துவைத்த நகல்கள் இருந்தால் ஒவ்வொரு நகலிலும் அன்றைய பட்டியலோடு இந்தச் சோதனையைப் போடுங்கள். அதற்கு முந்தைய பில்களில் அடுக்குக் கலைந்ததால் வந்த தவறு இருக்காது. பட்டியலில் இல்லாத எண்ணுக்கு விலை விழுந்தது மட்டும் இருக்கலாம். அதையும் இதே சோதனை காட்டிக்கொடுக்கும்.

வந்த பட்டியலைக் குறைவாகப் போட்டவை, கூடுதலாகப் போட்டவை என்று இரண்டாகப் பிரித்து எனக்கு அனுப்புங்கள். ஏழு பொருள் தாளில் இரண்டுமே நமக்குத்தான் நட்டம். முழுப் பட்டியலில் எதிர்ப்பக்கமும் இருக்கக்கூடும். கூடுதல் விலை கொடுத்தவர்களுக்கு அவர்கள் கேட்பதற்கு முன்பே கிரெடிட் நோட் போட்டுவிடலாம். குறைவாகப் போட்டதற்கு டெபிட் நோட் அனுப்புவதா, விட்டுவிடுவதா என்பது முதலாளி முடிவு செய்ய வேண்டியது. மிளகு விலையைத் தானாக வந்து சொன்ன ஏற்காட்டுக்காரரின் பில்லை மட்டும் அந்தப் பட்டியலில் தனியாகக் குறித்து அனுப்புங்கள், அவரைப் பற்றி முதலாளியிடம் நானே பேசுகிறேன்.